எதிரே நிற்பவருக்கும் ஒரு கதை வேண்டும்: நாவலில் எதிராளியைப் படிப்படியாக உருவாக்குவது

முதல் நாவல் எழுத உட்காருகிறவர்களில் நிறையப் பேர் ஆறாவது ஏழாவது அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். தொடக்கம் நன்றாக இருக்கும், நாயகி யாரென்று தெரியும், முடிவுகூட மனதில் இருக்கும், நடுவில் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் தெரியாது. அப்போது ஒரு விபத்து, ஒரு நோய், பழைய காதலன் திரும்பி வருவது என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து போடுவார்கள். இரண்டு அத்தியாயம் ஓடும், மறுபடி நிற்கும். இப்படிப்பட்ட கைப்பிரதியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: நாயகிக்கு எதிரே யார் நிற்கிறார், இந்த நிமிஷம் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பெரும்பாலும் எதிரே ஒருவர் இருப்பார், ஆனால் எதுவும் செய்துகொண்டிருக்க மாட்டார். நாயகி வரும்வரை காத்திருந்து, வந்ததும் மிரட்டிவிட்டுப் போவார். நடுப்பகுதி தொய்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

எதிராளி என்றதும் கெட்டவர் ஒருவரைத் தேட ஆரம்பிக்காதீர்கள். நாயகி விரும்புவது நடந்துவிடாமல் தடுக்கிற ஆள் எதிராளி, அவ்வளவுதான். அவர் நாயகியைவிட நல்லவராகக்கூட இருக்கலாம். 1866இல் வெளிவந்த தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் கொலை செய்தவன் ரஸ்கோல்னிகோவ், நாம் பெரும்பாலும் அவன் பக்கம் இருந்தே கதையைப் படிக்கிறோம். அவனுக்கு எதிரே நிற்கும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி சட்டத்தின் பக்கம் இருப்பவர், நிதானமானவர், அவனைப் பற்றி உண்மையாகவே அக்கறைப்படுகிறவர். அவரிடம் கையில் உறுதியான சாட்சி எதுவும் கிடையாது, பேச்சு மட்டும்தான் ஆயுதம். இருவரும் நேருக்கு நேர் நீளமாகப் பேசிக்கொள்ளும் இடங்கள் மூன்றே மூன்று, ஒவ்வொன்றிலும் பிடி இன்னும் கொஞ்சம் இறுகும், மூன்றாவதில் கொலை செய்தது நீதான் என்று நேராகவே சொல்லிவிட்டு, தானே வந்து ஒப்புக்கொள்ள அவனுக்கு அவகாசமும் கொடுத்துவிட்டுப் போவார். அத்தனை பெரிய நாவலில் அந்த மூன்று சந்திப்புகளும் உண்டாக்கும் அழுத்தத்தைக் கவனித்துப் பாருங்கள். கத்தியும் துப்பாக்கியும் இல்லாமல் எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

இனி செய்முறைக்கு வருவோம். ஒரே ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே கட்டிப் பார்க்கலாம். சின்ன ஊர் ஒன்றின் மருத்துவமனை, அங்கே ஒரே ஒரு அறுவை மருத்துவர், வயதானவர், ஊரே மதிக்கிறவர். ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் நர்ஸ் மாலா ஒருநாள் தையல் போடும்போது அவர் கை நடுங்குவதைப் பார்க்கிறாள்.

முதலில், நாயகிக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘மாலாவுக்கு நீதி வேண்டும்’, ‘மாலா உண்மையின் பக்கம் நிற்கிறாள்’ என்றெல்லாம் எழுதினால் அதை யாராலும் தடுக்க முடியாது. நீதியின் குறுக்கே போய் எங்கே நிற்பது? கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக எழுத வேண்டும்: ‘அந்த மருத்துவர் இனி ஒரு அறுவை சிகிச்சை செய்வதற்கு முன், வெளியிலிருந்து வரும் ஒருவர் அவரைப் பரிசோதிக்க வேண்டும் என்று மாலா விரும்புகிறாள்.’ இப்படி எழுதியதும் அது நடந்ததா நடக்கவில்லையா என்று வாசகரால் சொல்ல முடியும், யார் யாருக்கெல்லாம் இதனால் நஷ்டம் என்றும் உடனே தெரிய ஆரம்பிக்கும். எதிராளி பிறப்பது இந்த வாக்கியத்திலிருந்துதான். அதனால் இது தெளிவாகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இப்போது ஒரு சோதனை. இந்த ஆசைக்குக் குறுக்கே யாருமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலா மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள், யாரோ வந்து பார்க்கிறார்கள், மருத்துவர் ஓய்வு பெறுகிறார். மூன்று பக்கத்தில் கதை முடிந்தது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, மாலா யாரென்று நமக்குத் தெரியாமலே போய்விடும். கடிதம் எழுதுவதற்கு அவள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் துணிச்சலானவள் என்று நாம் பத்து முறை எழுதினாலும் வாசகர் நம்பமாட்டார், ஏனென்றால் துணிச்சல் தேவைப்படும் இடத்தில் அவளை நாம் நிறுத்தவே இல்லை. கதைக்கு எதிர்ப்பு வேண்டும் என்று சொல்வது பரபரப்புக்காக மட்டும் கிடையாது. ஒரு மனுஷி எதை இழக்கத் தயாராக இருக்கிறாள், எதை மாட்டேன் என்கிறாள் என்பதை வெளியே கொண்டுவர நாவலுக்கு இருக்கும் மிக வலுவான வழி அது.

யாரை எதிரே நிறுத்துவது

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். நாயகி ஜெயித்தால் யாருக்கெல்லாம் எதாவது போகும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். நம் கதையில் மூன்று பேர் கிடைக்கிறார்கள்: மருத்துவமனையின் முதலாளி, அந்த மருத்துவர், அப்புறம் மேட்ரன் சாரதா.

முதலில் கை போவது முதலாளியிடம்தான். பணக்காரர், லாபத்துக்காக உண்மையை மறைக்கிறவர் என்று எழுதுவது சுலபம். ஆனால் அவர் மாலாவைத் தினமும் பார்ப்பதில்லை, அவளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அவளை வேலையை விட்டு அனுப்புவதைத் தவிர அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. அந்த ஒன்றைச் செய்துவிட்டால் அவர் பங்கு முடிந்தது. மருத்துவரை எதிராளியாக வைக்கலாம், அது நல்ல நாவலாகவும் வரலாம், ஆனால் அப்போது கதை ‘தன் கை நடுங்குகிறது என்பதை ஒரு மனிதர் எப்படி ஒத்துக்கொள்கிறார்’ என்பதாக மாறிவிடும், மாலா ஓரத்துக்குப் போய்விடுவாள்.

சாரதாவைப் பாருங்கள். மாலாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். யார் எந்த ஷிஃப்ட், யார் தியேட்டரில், யார் வார்டில் என்று டியூட்டி பட்டியல் போடுவது அவர்தான். தியேட்டர் ரெஜிஸ்டர் அவர் பொறுப்பில். மாலாவின் பலம், பலவீனம் இரண்டும் அவருக்குத் தெரியும். இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று, மாலாவுக்கு எது வேண்டுமோ அதேதான் அவருக்கும் வேண்டும்: நோயாளிகள் சாகக்கூடாது. அடுத்த பெரிய மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். இந்த மருத்துவர் வருவதற்கு முந்தைய காலத்தில், வழியிலேயே ஒரு பெண் தன் மடியில் இறந்துபோனதைச் சாரதா பார்த்திருக்கிறார். புதிய மருத்துவர் வர இன்னும் ஆறு மாதம் ஆகும். அதுவரை தியேட்டரை மூடவிடக்கூடாது என்பதுதான் அவர் நோக்கம்.

எதிராளியைத் தேர்ந்தெடுக்க என்னிடம் நான்கு கேள்விகள் உண்டு. இவர் நாயகியை அடிக்கடி சந்திக்கிறாரா? நாயகியிடம் இல்லாத ஏதோ ஒரு அதிகாரமோ திறமையோ இவரிடம் இருக்கிறதா? இருவரின் ஆசையும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறதா, அதாவது ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்குக் கிடைக்காதா? இவர் தோற்றால் நாயகிக்கும் வலிக்குமா? முதல் மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தால் நாவல் நிற்கும். நான்காவதுக்கும் ஆமாம் என்று வந்துவிட்டால் விடாதீர்கள், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாரதா நான்கிலும் தேறுகிறார், முதலாளி ஒன்றில் மட்டும்தான்.

அவருடைய பக்கத்திலிருந்து முழுக் கதையையும் எழுதுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இது, நான் மிகவும் வற்புறுத்துவதும் இதைத்தான். நாவலில் வரப்போகாத இரண்டு பக்கங்களை எழுத வேண்டும். சாரதா ‘நான்’ என்று பேச வேண்டும், நடந்ததைத் தன் நெருங்கிய தோழிக்குச் சொல்வதுபோல. அதில் சாரதாதான் நாயகி, மாலாதான் குறுக்கே நிற்பவள்.

இப்படி ஆரம்பிக்கலாம்: ‘டாக்டர் கை நடுங்குவது எனக்கு மாலாவுக்கு முன்பே தெரியும். அதனால்தான் பெரிய கேஸ்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்ப ஆரம்பித்தேன். சின்னச் சின்ன ஆபரேஷன்கள் மட்டும் இங்கே. ஒவ்வொன்றிலும் நானே பக்கத்தில் நிற்கிறேன். ஆறு மாதம் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். இந்தப் பெண் இப்போது எல்லாவற்றையும் கெடுக்கப் பார்க்கிறாள். அவள் நல்ல பெண், அதுதான் கஷ்டம்.’

இதை எழுதியதும் நமக்குத் தெரியாத ஒன்று கிடைத்துவிட்டது பாருங்கள். சாரதா அலட்சியமானவர் இல்லை. அவர் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார், அந்த ஏற்பாடு ஓரளவு வேலையும் செய்கிறது. மாலா மோதப்போவது ஒரு கெட்ட மனசோடு கிடையாது, யோசித்துச் செய்யப்பட்ட ஒரு ஏற்பாட்டோடு. இது இரண்டு மடங்கு கடினமான மோதல்.

இந்த இரண்டு பக்கங்களில் சாரதா தன்னைப் பற்றி ‘நான் பேராசைக்காரி’, ‘எனக்கு அதிகாரம் பிடிக்கும்’ என்று எழுதினால் நீங்கள் இன்னும் வெளியே நின்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். யாரும் தன்னைப் பற்றி அப்படி நினைப்பதில்லை. எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படிக்கும்போது, ஒரு நிமிஷமாவது ‘இவர் சொல்வதும் சரிதானே’ என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். தோன்றவில்லையென்றால் காரணத்தை மாற்றுங்கள். இதற்காக எதிராளிக்கு ஒரு சோகமான சிறுவயதைக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் உதவாது. அவர் ஏன் இப்படி ஆனார் என்பது வாசகருக்கு அனுதாபத்தைத் தரும், ஆனால் இப்போது அவர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்பதுதான் அடுத்த காட்சியைத் தரும். மடியில் இறந்த அந்தப் பெண்ணின் நினைவு சாரதாவுக்கு ஏன் பயன்படுகிறது என்றால், அது தியேட்டரை மூடக்கூடாது என்ற இன்றைய முடிவோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது.

நகர்வுகளின் பட்டியல்

இப்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் மாலா செய்வது, வலது பக்கம் அதற்குச் சாரதா செய்வது. சுமார் அறுபதாயிரம் வார்த்தை நாவலுக்கு எதிராளியிடமிருந்து ஐந்து அல்லது ஆறு பெரிய நகர்வுகள் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றின் விளைவையும் காட்ட இடம் இருக்காது.

மாலா தான் பார்த்ததை முதலில் சொல்வது சாரதாவிடம்தான், வேறு யாரை நம்புவாள்? சாரதா பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘நான் பார்த்துக்கிறேன்’ என்கிறார், உண்மையாகவே அடுத்த வாரம் பெரிய கேஸ் ஒன்றை வெளியே அனுப்புகிறார். மாலாவுக்கு நிம்மதி. எதிர்ப்பு தொடங்கிவிட்டது, ஆனால் அவளுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. இரண்டாவது முறை கை நழுவுவதை மாலா பார்க்கிறாள், மறுபடி கேட்கிறாள். சாரதா அவளைத் தியேட்டரிலிருந்து வார்டுக்கு மாற்றுகிறார். பார்க்கக்கூடாததைப் பார்க்க இனி அவளுக்கு வாய்ப்பில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், இந்த நகர்வில்தான் முக்கியமான நுட்பம் இருக்கிறது. வார்டுக்குப் போன மாலா அங்கே என்ன பார்க்கிறாள்? ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் தையல் பிரிந்து, புண் பழுத்துத் திரும்பி வருவதைப் பார்க்கிறாள். தியேட்டரில் இருந்தவரை அவளுக்குத் தெரியாத விஷயம் இது. சாரதா ஒரு கதவைச் சாத்தியதால்தான் இன்னொன்று திறந்தது. எதிராளியின் ஒவ்வொரு நகர்வும் நாயகியின் இப்போதைய வழியை அடைக்க வேண்டும், ஆனால் அவளை இன்னும் ஆபத்தான, இன்னும் விலை கூடின வேறு வழிக்குத் தள்ள வேண்டும். வெறுமனே அடைத்தால் கதை நின்றுவிடும். அடைக்கவே இல்லையென்றால் எதிராளி இருந்தும் பயனில்லை.

மாலா திரும்பி வந்த நோயாளிகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, தியேட்டர் ரெஜிஸ்டரோடு ஒப்பிடப் போகிறாள். ரெஜிஸ்டர் வழக்கமான இடத்தில் இல்லை, சாரதாவின் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இப்போதுதான் தன் எதிரே யார் நிற்கிறார் என்பது மாலாவுக்குப் புரிகிறது. நாவலின் நடுப்பகுதி வந்துவிட்டது. அவள் ரெஜிஸ்டர் இல்லாமலே மேலிடத்துக்கு எழுத முடிவு செய்கிறாள். அதற்குச் சாரதாவின் பதில்தான் நாவலின் மிக மோசமான தருணம். இரண்டு வருஷத்துக்கு முன் மாலா ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டாள், பெரிதாக எதுவும் ஆகவில்லை, சாரதாதான் அதை வெளியே தெரியாமல் மறைத்தார். அந்தப் பழைய தாளை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்.

இந்த ஆயுதம் முதல் அத்தியாயத்திலிருந்தே சாரதாவின் கையில் இருக்கிறது. அதை அவர் நான்காவது நகர்வுவரை எடுக்காமல் வைத்திருந்தது ஏன்? எடுக்க அவருக்கே விருப்பமில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் எதிராளியின் பெரிய ஆயுதத்தை இரண்டாவது காட்சியிலேயே எடுத்துக் காட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் மிரட்டல் எல்லாம் அதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். பட்டியலை எழுதி முடித்ததும் வலது பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் சாரதா முந்தைய வரியைவிட அதிகமாக ஏதோ ஒன்றைப் பணயம் வைக்கிறாரா? முதலில் பொய்யில்லாத ஒரு வாக்குறுதி, அடுத்து தன் பதவி தரும் அதிகாரம், பிறகு ஒரு ஆவணத்தை மறைப்பது, கடைசியில் தான் வளர்த்த பெண்ணின் மீதுள்ள பாசம். வரிசை சரியாக இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது நகர்வுகளை இடம் மாற்றினாலும் கதை அப்படியே இருக்கும் என்று தோன்றினால் அங்கே ஏறுமுகம் இல்லை என்று அர்த்தம்.

காட்சியாக எழுதும்போது

திட்டம் நன்றாக இருந்தும் பக்கத்தில் வரும்போது கெட்டுப்போவது வசனத்தில்தான். சாரதா மாலாவை வார்டுக்கு மாற்றும் காட்சியை இப்படி எழுதலாம்:

“இதோ பார் மாலா, இந்த விஷயத்தில் தலையிடாதே. மீறினால் உன் வேலை போய்விடும்.”

இதில் சாரதா யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். எந்த மிரட்டலையும் எந்த எதிராளியின் வாயிலும் வைத்துவிடலாம். இன்னொரு விதமாக:

“நாளையிலேர்ந்து நீ வார்டுக்குப் போ. மூணு மாசமா நைட் பார்த்திருக்கே, முகமே வாடிப்போச்சு.”

“தியேட்டர்ல யாரு நிப்பாங்க மேடம்?”

“நான் நிக்கிறேன்.”

மிரட்டல் ஒரு சொல்கூட இல்லை. மாலாவால் மறுக்கவும் முடியாது, மறுத்தால் அக்கறையை உதறுவதுபோல் ஆகிவிடும். ‘நான் நிக்கிறேன்’ என்ற பதில் சாரதாவுக்கும் எல்லாம் தெரியும் என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுகிறது, மாலாவுக்கு அது அரைகுறையாகத்தான் புரிகிறது. எதிராளியின் வசனத்தை எழுதும்போது அவர் ஜெயிக்கப் பார்ப்பது எதை, அதை எந்தப் பெயரால் கேட்கிறார் என்ற இரண்டையும் தனித்தனியாக மனதில் வையுங்கள். சாரதாவுக்கு வேண்டியது மாலா தியேட்டரில் இல்லாமல் இருப்பது, கேட்பது ஓய்வு என்ற பெயரால்.

எல்லாக் காட்சியிலும் சாரதா நேரில் வரவேண்டிய அவசியமும் இல்லை. வழக்கமாகப் பேசுகிற சக நர்ஸ் ஒருத்தி மாலாவைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறாள், டியூட்டி பட்டியலில் மாலாவுக்குத் தொடர்ந்து பகல் ஷிஃப்ட் விழுகிறது. அவர் கை பட்ட இடங்கள் தெரிந்தால் போதும். ஆனால் நாவலின் முதல் கால்பகுதிக்குள் அவரை ஒருமுறையாவது நாம் நேரில், அதுவும் தன் வேலையைத் திறமையாகச் செய்யும்போது, பார்த்துவிட வேண்டும். அவசரமாக வந்த நோயாளிக்கு யாராலும் போட முடியாத ஊசியைச் சாரதா ஒரே முயற்சியில் போடுகிறார் என்று ஒரு சின்ன இடம் வைத்துவிட்டால், பிற்பாடு அவர் மாலாவுக்கு எதிராகத் திரும்பும்போது நமக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும்.

உச்சக்கட்டத்தில் இரண்டு பேருமே சரியாக இருக்கட்டும்

கடைசி மோதலுக்கு வருகிறோம். இங்கே பலரும் செய்வது, எதிராளியை முட்டாளாக்கிவிடுவது. இருபது அத்தியாயம் கெட்டிக்காரராக இருந்தவர் கடைசியில் ஒரு கடிதத்தை மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போவார், அல்லது தன் திட்டம் முழுவதையும் நாயகியிடம் ஒப்பிப்பார், அல்லது மாரடைப்பு வரும். இப்படி எதிராளி தானாக விழுந்தால் நாயகி ஜெயிக்கவில்லை. இன்னொரு குறுக்குவழியும் உண்டு, மருத்துவர் கை நடுங்கி ஒரு நோயாளி இறந்துபோவது. அப்போது மாலா சொன்னது சரி என்று சம்பவமே தீர்ப்பு சொல்லிவிடும், சாரதாவின் வாதம் ஒரே நொடியில் செல்லாக்காசாகிவிடும், அதற்காக இத்தனை பக்கம் அவருக்கு நியாயம் தேடியதெல்லாம் வீண்.

நல்ல உச்சக்கட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: எந்தச் சூழ்நிலையில் எதிராளியின் வாதம் மிக வலுவாக இருக்கும்? சாரதாவின் பயம் ‘வழியிலேயே செத்துப்போவார்கள்’ என்பது. சரி, அதையே கொண்டுவருவோம். ஒரு ராத்திரி, வயிற்றில் பலமாக அடிபட்டு உள்ளே ரத்தம் கசியும் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். இரண்டு மணி நேரப் பயணத்தை அவர் தாங்கமாட்டார். மருத்துவர் இருக்கிறார், கை நடுங்குகிறது. தியேட்டரில் நிற்கத் தெரிந்த இரண்டே பேர் சாரதாவும் மாலாவும். மாலா கொள்கையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றால் அந்த மனிதர் சாவார். வந்தால், இதுவரை எதை எதிர்த்தாளோ அதற்கே கை கொடுக்கிறாள்.

அவள் வருகிறாள். வயிற்றைத் திறக்கிறார்கள், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது, அதைத் தைக்க வேண்டிய இடத்தில் மருத்துவரின் கை நிற்கவில்லை. ‘நிறுத்துங்க டாக்டர்’ என்று சொல்வது யார்? மாலா சொல்வாள் என்றுதான் வாசகர் எதிர்பார்ப்பார். நான் எழுதினால் சாரதாவைச் சொல்லவைப்பேன். ரத்தம் கசியும் இடத்தில் பெரிய பஞ்சுத்துணிகளை அழுத்தித் திணித்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது மருத்துவத்தில் உண்மையிலேயே இருக்கிற முறை. அதற்கு நுணுக்கமான தையல் வேண்டாம், அந்த மருத்துவரும் இந்த இரண்டு நர்ஸ்களும் சேர்ந்தால் முடியும். ஆம்புலன்ஸில் கூடப் போவது சாரதா, தன் வாழ்க்கையில் அவர் மறுபடி பார்க்கவே விரும்பாத அந்த வழியில். மாலா கேட்டது கிடைத்துவிட்டது, மருத்துவர் இனி கத்தியைத் தொடமாட்டார். சாரதா பயந்ததும் ஆரம்பித்துவிட்டது, மறுநாளிலிருந்து அந்த ஊரில் தியேட்டர் கிடையாது. இரண்டு பேரின் வாதமும் கடைசிவரை உயிரோடு இருப்பதால், புத்தகத்தை மூடிய பின்னும் வாசகர் தனக்குள் அதைத் தொடர்வார்.

எதிரே மனிதரே இல்லாத கதை என்றால்

கடல், காடு, நோய், அரசு அமைப்பு, அல்லது நாயகனின் சொந்தக் குடிப்பழக்கம், இவற்றோடு மோதும் நாவல்கள் நிறைய உண்டு. இவற்றில் வரும் சிக்கல், எதிர்ப்பு பரவலாகப் போய் எங்கும் பிடி கிடைக்காமல் ஆவது. கடல் என்றால் எப்போதுமே கடல்தான், ‘சமூகம்’ என்றால் யார்? ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ 1952இல் வந்தது, அதில் கடல் மொத்தமாக எதிரே வந்து நிற்பதில்லை. முதலில் ஒரே ஒரு மீன், அது கிழவனை இழுத்துக்கொண்டு போகிறது, தன் பலம் தீரும்வரை விடாமல் போராடுகிறது. அதை ஜெயித்த பிறகு, அதன் ரத்தத்தை மோப்பம் பிடித்துச் சுறாக்கள் வருகின்றன. கிழவனின் வெற்றியிலிருந்தே அடுத்த எதிர்ப்பு பிறக்கிறது. மேலே சொன்ன நகர்வுப் பட்டியலை மீனுக்கும் சுறாவுக்கும் போட முடியும் என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது.

அமைப்பு என்றால் அதன் சார்பில் பேச ஒரு முகம் வையுங்கள், நாயகனிடம் திரும்பத் திரும்ப அதே ஜன்னலில் உட்கார்ந்து ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் ஒரு குமாஸ்தா போதும். நாயகனின் சொந்தப் பழக்கம் எதிரி என்றால், அந்தப் பழக்கத்தின் பக்கம் அவனை அன்போடு இழுக்கிற நண்பன் ஒருவன் வேண்டும். முழுக்க மனசுக்குள்ளேயே நடக்கும் மோதலை மூன்று அத்தியாயத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வைப்பது மிகத் தேர்ந்தவர்களுக்கே கஷ்டம், முதல் நாவலில் அதை முயல வேண்டாம் என்பேன்.

வரைவு முடிந்த பிறகு

முதல் வரைவு முடிந்ததும் ஒரு வாரமாவது தள்ளி வைத்துவிட்டு, எதிராளி வரும் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் படியுங்கள். அவை மட்டுமே ஒரு கதையாக வாசிக்கக் கிடைக்க வேண்டும், சாரதா எங்கிருந்து கிளம்பி எங்கே வந்து சேர்ந்தார் என்று தெரிய வேண்டும். நடுவில் நாற்பது ஐம்பது பக்கம் அவர் சத்தமே இல்லையென்றால், அந்த நாட்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களையே கேளுங்கள். பதில் கிடைத்தால் அதன் அறிகுறி ஒன்றை மாலாவின் காட்சியில் வையுங்கள். பதில் கிடைக்கவில்லையென்றால் அந்த நாற்பது பக்கத்தில் கதை நகரவில்லை, சுருக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில், இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதிப் பாருங்கள். மாலா கடிதம் எழுதியது சாரதாவுக்கு எப்படித் தெரியும்? தபால்காரர் சொன்னாரா, மாலாவே யாரிடமாவது சொன்னாளா, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாரா? வரைவில் எதிராளிக்கு எல்லாம் தானாகவே தெரிந்திருக்கும், ஏனென்றால் நமக்குத் தெரியும். வாசகர் கண்டுபிடிக்கிற ஓட்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கும், அடைப்பதற்கு ஒரு பத்திதான் ஆகும். சில நேரம் அந்த ஒரு பத்தியே புதிய காட்சியாகிவிடும்: பேச்சை மாற்றிய அந்தச் சக நர்ஸ்தான் சாரதாவிடம் போய்ச் சொன்னவள் என்றால், ஏன் சொன்னாள், மாலாவுக்கு அது எப்போது தெரியவரும் என்று நீங்கள் மறுபடி தாளின் நடுவில் கோடு போட வேண்டியிருக்கும்.